பத்தாம் இடம் சரிவா, வழக்கமான அலைவா?

2020 ஆகஸ்ட் 10 அன்று உலகம் முழுவதும் இணையதளம் நடத்துகிறவர்களுக்குக் கலக்கம் பிடித்தது. பல மாதங்களாகக் கூகுளின் முதல் பக்கத்தில் இருந்த தளங்கள் ஐந்தாம் பக்கத்துக்கும் ஆறாம் பக்கத்துக்கும் போயின. யாரும் கேள்விப்படாத தளங்கள் மேலே வந்து உட்கார்ந்தன. கூகுள் புதிய விதி ஏதோ கொண்டுவந்துவிட்டது என்று பேச்சு பரவியது. மறுநாள் கூகுளே விளக்கம் தந்தது. பக்கங்களை அட்டவணைப்படுத்தும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டிருந்தது, சரிசெய்துவிட்டோம் என்றது. பெரும்பாலான தளங்கள் பழைய இடத்துக்கே திரும்பின.

அந்த இரவு கலங்கிப்போய் பக்கத்தின் தலைப்பை மாற்றியவர், உள்ளடக்கத்தை வெட்டியவர், இணைப்புகளைக் கழற்றியவர் நிலைமை என்ன? மறுநாள் இடம் திரும்பியபோது, தான் செய்த மாற்றத்தால்தான் திரும்பியது என்று அவர் நம்பியிருப்பார். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, அந்த மருந்து வேலை செய்தது என்றும் எண்ணிக்கொண்டு, அடுத்த முறையும் அதையே கொடுப்பார். தேடல் தரவரிசையைக் கண்காணிக்கும் தொழிலில் அன்றாடம் நடக்கும் தவறு இதுதான். 2020-இல் நடந்தது அதன் பெரிய வடிவம்.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கை விளக்குவதற்காகக் கற்பனை செய்துகொண்ட கடை இது. ‘காஞ்சிபுரம் பட்டுப்புடவை விலை’ என்று யாராவது கூகுளில் தேடினால் தன் தளம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பது அவருக்கு வியாபார விஷயம். இப்படிக் குறிவைக்கும் சொற்றொடரைத் தொழிலில் கீவேர்டு என்பார்கள். தமிழில் தேடுசொல் எனலாம். அது எந்த இடத்தில் வருகிறது என்பதைத் தினமும் பார்த்துப் பதிவுசெய்யும் மென்பொருளுக்கு ரேங்க் டிராக்கர் என்று பெயர். ஒரு வாரத்தில் அவருடைய டிராக்கர் காட்டிய எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: திங்கள் 7, செவ்வாய் 6, புதன் 11, வியாழன் 7, வெள்ளி 8, சனி 7, ஞாயிறு 9.

புதன்கிழமை காலையில் கடைக்காரர் கண்ணில் படுவது ஒன்றுதான். நேற்று ஆறாம் இடம், இன்று பதினொன்று. அதாவது இரண்டாம் பக்கம். உடனே தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குப் போன் போடுகிறார். அவர்களும் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதால் ஏதோ செய்கிறார்கள். வியாழன் அன்று 7 வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் யாரும் எதையும் தொடாமல் இருந்திருந்தாலும் வியாழன் அன்று 7 வந்திருக்கக்கூடும்.

இடம் ஏன் இப்படி ஆடுகிறது? முதல் காரணம், எல்லோருக்கும் பொதுவான ஒரே தேடல் பட்டியல் என்று ஒன்று கிடையாது. சென்னையில் ஒருவர் தேடுவதற்கும் கோயம்புத்தூரில் ஒருவர் தேடுவதற்கும் விடை மாறும். கடை, உணவகம், மருத்துவமனை போன்ற தேடல்களில் மிக அதிகமாக மாறும். கைப்பேசிக்கு ஒரு வரிசை, கணினிக்கு ஒரு வரிசை வரலாம். கூகுளின் விடைகள் பல ஊர்களில் உள்ள தரவு மையங்களிலிருந்து வருகின்றன. ஒரு மாற்றம் எல்லா மையங்களையும் ஒரே நொடியில் சென்றடைவதில்லை. இவற்றோடு, கூகுள் தன் தேடலில் ஆண்டுக்கு 4,000-க்கும் மேற்பட்ட மாற்றங்களைச் செய்வதாகத் தானே சொல்கிறது. அவற்றில் பலவற்றை முதலில் ஒரு சிறு பங்குப் பயனர்களுக்கு மட்டும் காட்டிப் பார்க்கிறது. டிராக்கர் கேட்ட நிமிடத்தில் அப்படி ஒரு சோதனை கண்ணில் பட்டிருக்கலாம். போட்டித் தளங்களும் சும்மா இருப்பதில்லை. புதுப் பக்கம் ஒன்று இரண்டு நாள் மேலே வந்து பார்த்துவிட்டுக் கீழே போகும்.

டிராக்கர் பெரும்பாலும் ஒரு நாளில் ஒரே முறை, ஓர் இடத்திலிருந்து, ஒரு கருவியாகப் பாவித்துக் கேட்கிறது. நாள் முழுவதும் ஆயிரம் பேர் பார்த்த ஆயிரம் வரிசைகளில் ஒன்றை அது எடுத்து வருகிறது. அந்த ஒன்றை வைத்து முடிவெடுப்பது, ஒரே ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து அன்றைய வியாபாரத்தைக் கணிப்பதற்குச் சமம்.

இதற்கு முதல் பரிகாரம், நாளை விட்டுவிட்டு வாரத்தைப் பிடிப்பது. வாரம் என்பது வசதிக்காக எடுத்த அளவல்ல. தேடுகிறவர்களின் பழக்கம் கிழமையோடு ஒட்டியது. அலுவலகத் தேவைக்கான தேடல்கள் திங்கள் முதல் வெள்ளிவரை குவியும். புடவை, சுற்றுலா, திரைப்படம் எல்லாம் சனி, ஞாயிறில் ஏறும். கிழமைக்கேற்பத் தேடுகிறவர் மாறுகிறார், அவர் கையில் இருக்கும் கருவி மாறுகிறது, அதனால் சராசரி இடமும் மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமையைத் திங்கட்கிழமையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஏழு நாளையும் சேர்த்து எடுத்தால் ஒவ்வொரு வாரத்திலும் ஒரு திங்கள், ஒரு ஞாயிறு என்று கணக்கு சமமாகிவிடும்.

ஏழு எண்களிலிருந்து ஒன்றை எப்படி எடுப்பது? கூட்டி ஏழால் வகுத்தால் 7.9 வருகிறது. புதன்கிழமையின் அந்த 11 மட்டும் இழுத்ததால் வந்த எண் அது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 6, 7, 7, 7, 8, 9, 11. நடுவில் நிற்பது 7. பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தது இதுதான். அந்த வாரம் தளம் பெரும்பாலும் எங்கே நின்றது என்று கேட்டால் ஏழாம் இடத்தில் என்பதே நேர்மையான பதில். ஒரு நாள் முறைத்துக்கொண்டு போனாலும் இடைநிலை அசையாது. நாலு நாள் போனால் அசைந்துவிடும். வேண்டியதும் அதுதான்.

வாராந்தர எண் கையில் வந்தபிறகும் கேள்வி தீரவில்லை. போன வாரம் 7, இந்த வாரம் 9. இது சரிவா? பலர் இங்கே ஒரு விதியைக் கையில் வைத்திருக்கிறார்கள். மூன்று இடம் இறங்கினால் கவலைப்படு, ஐந்து இடம் இறங்கினால் மாற்று என்பது போல. எல்லாத் தேடுசொல்லுக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் இதன் குறை. சில தேடுசொற்கள் பாறைபோல் நிற்கும், அவற்றில் இரண்டு இடம் இறங்கினாலே செய்தி. சில ஊஞ்சல்போல் ஆடும், அவற்றில் ஐந்து இடம்கூட ஒன்றுமில்லை. எது எவ்வளவு ஆடும் என்பதை அதனதன் பழைய கணக்கிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்கும் முறைக்கு நூறு வயது ஆகிறது. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்ட்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர், 1924 மே மாதம் தன் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. எந்தத் தயாரிப்பிலும் அளவுகள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தனிக் காரணம் தேடுவது வீண். ஆனால் வழக்கமான எல்லையைத் தாண்டி ஓர் அளவு போனால், அதற்குக் குறிப்பான காரணம் ஒன்று இருக்கும், அதைத் தேடினால் கிடைக்கும். இந்த இரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதையே அவர் கணக்காகத் தந்தார். தொழிற்சாலைகளில் இன்றும் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற பெயரில் அது சுவரில் தொங்குகிறது. தரவரிசைக்கும் அது அழகாகப் பொருந்துகிறது.

நம் கடைக்காரரின் பத்து வாரத்து இடைநிலைகள் இவை என்று கொள்வோம்: 7, 8, 6, 7, 9, 7, 8, 6, 8, 7. கூட்டினால் 73. சராசரி 7.3. இது நடுக்கோடு. அடுத்து, ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஏறியதா இறங்கியதா என்பது வேண்டாம், தூரம் மட்டும் போதும். 1, 2, 1, 2, 2, 1, 2, 2, 1. ஒன்பது நகர்வுகள், கூட்டுத்தொகை 14, சராசரி ஏறத்தாழ 1.56. இதை 2.66 என்ற மாறிலியால் பெருக்கினால் 4.1 வருகிறது. இந்த மாறிலியைப் புள்ளியியலாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு வாரம் உள்ள சராசரி நகர்வை, இயல்பான ஆட்டத்தின் வெளி எல்லையாக மாற்றித் தருவது அதன் வேலை. 7.3-உடன் 4.1-ஐக் கூட்டினால் 11.4. கழித்தால் 3.2.

எக்செல் தாளில் நான்கு வரிகளில் முடிகிற வேலை இது. B முதல் H வரை ஏழு நாள் எண்கள், I-இல் வாரத்தின் இடைநிலை, J-இல் நகர்வு என்று வைத்துக்கொண்டால் இப்படி எழுதலாம்:

```
I2:   =MEDIAN(B2:H2)
J3:   =ABS(I3-I2)
I13:  =AVERAGE(I2:I11)
J13:  =2.66*AVERAGE(J3:J11)
```

I13-இல் வருவது நடுக்கோடு. அதோடு J13-ஐக் கூட்டினாலும் கழித்தாலும் இரண்டு எல்லைகள் கிடைக்கும்.

விடையைக் கவனியுங்கள். இந்தத் தேடுசொல்லின் வாராந்தர இடைநிலை 4-க்கும் 11-க்கும் இடையே எங்கே நின்றாலும் அது வழக்கமான ஆட்டத்துக்குள் வருகிறது. அடுத்த வாரம் 10 வந்தால் கடைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். கணக்கு அதைப் பொருட்படுத்தவில்லை. 13 வந்தால் விஷயம் வேறு. ஏதோ நடந்திருக்கிறது, தேட வேண்டும். அதேபோல 5 வந்தால், புதிதாகச் செய்த வேலைக்குக் கிடைத்த பலன் என்று நிறுவனம் கொண்டாடி அறிக்கை அனுப்பும். அதையும் கணக்கு ஏற்காது. இறக்கத்தை அலைவு என்று ஒதுக்கும் அதே கோடு ஏற்றத்தையும் ஒதுக்குகிறது. இந்த நேர்மைதான் இதன் பலம், இதனாலேயே பலருக்கு இது பிடிப்பதும் இல்லை.

எல்லைக்கோடு திடீர் வீழ்ச்சியைப் பிடிக்கும். மெதுவான சரிவைப் பிடிக்காது. அடுத்த எட்டு வாரமும் 8, 8, 9, 8, 9, 8, 8, 9 என்று வந்தால் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் பழகிய எண்கள். ஆனால் எட்டுமே நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில், 7.3-க்குக் கீழான இடங்களில் நிற்கின்றன. தற்செயலாக ஒரு வாரம் அந்தப் பக்கம் விழ இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டென்றால், தொடர்ந்து எட்டு வாரம் விழ 256-இல் ஒரு வாய்ப்புதான். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1956-இல் வெளியிட்ட தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டில் இந்த எட்டுப் புள்ளி விதி இருக்கிறது. தரவரிசையில் இது மிகவும் பயன்படும். போட்டியாளர் ஒருவர் மாதக்கணக்கில் நல்ல பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே வரும்போது நம் தளம் ஒரு நாளில் விழுவதில்லை. ஒரு படி இறங்கி அங்கேயே தங்கிவிடும்.

அலைவுக்கெல்லாம் கைவைத்தால் என்ன கெட்டுப்போகும், வீண் வேலைதானே என்று தோன்றலாம். ஷூஹார்ட்டின் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் இதற்குப் புனல் சோதனை ஒன்றை நடத்திக் காட்டினார். மேசையில் ஒரு குறி. மேலே ஒரு புனல். அதன் வழியாகக் கோலிக்குண்டைப் போட்டால் குறியைச் சுற்றிக் கொஞ்சம் அங்கும் இங்கும் விழும். புனலை நகர்த்தாமல் விட்டால் சிதறல் குறைவு. ஒவ்வொரு முறையும் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, அதற்கு எதிர்த்திசையில் புனலை நகர்த்தினால் சிதறல் கூடிவிடுகிறது. பக்கத்தின் தலைப்பை ஒவ்வொரு வாரச் சரிவுக்கும் மாற்றுகிறவர் இந்தப் புனலைத்தான் நகர்த்துகிறார். தலைப்பு மாறினால் கூகுள் பக்கத்தை மறுபடி படித்து மறுபடி எடைபோட வேண்டும். அதன் விளைவு தெரியச் சில நாளும் ஆகலாம், பல வாரமும் ஆகலாம். அதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிட்டால் எதனால் எது நடந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. தளத்தின் ஆட்டமும் முன்பைவிடக் கூடிப்போகும்.

எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது அளவுகோலை. இதற்கு 2025 செப்டம்பரைவிட நல்ல பாடம் கிடையாது.

கூகுள் தேடல் முகவரியின் கடைசியில் `&num=100` என்று சேர்த்தால் பத்து விடைகளுக்குப் பதிலாக நூறு விடைகள் ஒரே பக்கத்தில் வரும் வசதி பல ஆண்டுகள் இருந்தது. டிராக்கர்கள் பலவும் இதைத்தான் நம்பியிருந்தன. ஒரே கேள்வியில் நூறு இடமும் தெரிந்துவிடும். 2025 செப்டம்பர் நடுவில் அது வேலை செய்யாமல் போனது. இந்த வசதியைத் தாங்கள் முறைப்படி ஆதரித்ததில்லை என்று கூகுள் சொல்லிவிட்டது. டிராக்கர்கள் தடுமாறின. பத்துப் பத்தாக எடுத்தால் செலவு பத்து மடங்கு என்பதால் சில கருவிகள் ஆழமான இடங்களைப் பார்ப்பதைக் குறைத்தன.

விசித்திரம் அதற்குப் பிறகுதான். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் அறிக்கையில், பலருடைய இம்ப்ரெஷன் எண்ணிக்கை அதே நாட்களில் சட்டென்று விழுந்தது. இம்ப்ரெஷன் என்பது தேடல் விடையில் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கு. கணினித் தேடல்களில்தான் விழுந்தது, கைப்பேசியில் அவ்வளவு இல்லை. கூடவே சராசரி இடம் முன்னேறியது. கிளிக்குகள் எப்போதும்போல் இருந்தன. பாதிப் பேர் தளம் சரிந்துவிட்டது என்று பதற, மீதிப் பேர் தரவரிசை ஏறிவிட்டது என்று மகிழ்ந்தார்கள்.

இரண்டும் நடக்கவில்லை என்பதே வல்லுநர்கள் பலர் வந்த முடிவு. எண்பதாம் இடத்திலும் தொண்ணூறாம் இடத்திலும் இருக்கும் பக்கங்களை மனிதர்கள் பார்ப்பது அரிது. நூறு விடைகளை ஒரே மூச்சில் திறந்த டிராக்கர் நிரல்கள் பார்த்தன. அந்தப் பார்வைகளும் இம்ப்ரெஷன்களாகப் பதிவாகியிருந்தன. நிரல்கள் நின்றதும் ஆழத்தில் இருந்த இம்ப்ரெஷன்கள் காணாமல் போயின. தொண்ணூறுகள் கணக்கிலிருந்து விலகியதால் சராசரி தானாக முன்னுக்கு வந்தது. தரவரிசையில் எதுவும் நகராமலேயே வரைபடத்தில் ஒரு படிக்கட்டு விழுந்துவிட்டது. இம்ப்ரெஷன் மாறியும் கிளிக் மாறாமல் இருந்ததுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்த தடயம். அந்த மாதத்தைக் கடந்து இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் எவரும் இதை இன்றும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சர்ச் கன்சோலின் சராசரி இடம் சாதாரண நாளிலும் ஏமாற்றக்கூடியது. தளம் காட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கூட்டி வகுப்பது அந்த எண். கடைக்காரரின் தளம் 100 முறை காட்டப்பட்டது, எல்லாம் நாலாம் இடத்தில் என்று கொள்வோம். சராசரி 4. அடுத்த வாரம் அவர் நெசவைப் பற்றி எழுதிய புதிய கட்டுரை வேறொரு தேடலில் நாற்பதாம் இடத்தில் 100 முறை காட்டப்படுகிறது. பழைய நாலாம் இடம் அப்படியே இருக்கிறது. தளத்தின் சராசரியோ 22. எதையும் இழக்காமல், ஒன்றைப் புதிதாகப் பெற்ற வாரத்தில் வரைபடம் பள்ளத்தில் விழுகிறது. அதனால் தளம் முழுவதற்குமான சராசரியை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரு தேடுசொல், ஒரு நாடு, ஒரு வகைக் கருவி என்று வடிகட்டிய பிறகே எண்ணைப் பார்க்க வேண்டும்.

சிறிய விஷயமானாலும் பலரைக் குழப்புவது இன்னொன்று உண்டு. சர்ச் கன்சோலின் நாள்வாரிக் கணக்கு கலிஃபோர்னியா நேரப்படி நடக்கிறது. அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. நம் தீபாவளி நாளின் காலைத் தேடல்கள் முந்தைய தேதியில் விழும். கடைசி இரண்டு, மூன்று நாட்களின் எண்கள் முழுமையாக வந்து சேர்ந்திருக்காது. திங்கட்கிழமை காலையில் போன வாரக் கணக்கை எடுப்பவர் குறைந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவார். புதன் அல்லது வியாழன் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அளவுகோல் சரி, எல்லையும் தாண்டியிருக்கிறது, அடுத்த வாரமும் தாண்டுகிறது என்றால் அது உண்மையான நகர்வு. இப்போது கேட்க வேண்டிய கேள்வி: தனியாக விழுந்ததா, கூட்டமாக விழுந்ததா?

ஒரே ஒரு தேடுசொல் மட்டும் விழுந்திருந்தால், காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலோ அந்தப் போட்டியிலோ இருக்கும். எந்தப் பக்கம் காட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். ஏழாம் இடத்தில் இருந்தது கடையின் விலைப்பட்டியல் பக்கம், இப்போது பதினாலாம் இடத்தில் இருப்பது முன்பு எழுதிய ஏதோ ஒரு கட்டுரை என்றால், ஒரே தளத்தின் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு வாரம் இது, மறுவாரம் அது என்று மாறி மாறி வருவது இந்த நோயின் தெளிவான அடையாளம். இடத்தோடு பக்க முகவரியையும் பதிவுசெய்கிறவருக்கு மட்டுமே இது தெரியும். எண்ணை மட்டும் எழுதி வைப்பவருக்கு வெறும் ஆட்டமாகத்தான் தோன்றும்.

ஒரு பிரிவின் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து விழுந்தால் தளத்தில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். புது வடிவமைப்பு, மாறிய முகவரிகள், கூகுளைத் தடுக்கும் ஒரு வரி தவறுதலாக ஏறியிருப்பது என்று எதுவும் இருக்கலாம். தளம் முழுவதும் விழுந்தால், கூகுளின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். பெரிய மாற்றங்களின் தொடக்க நாளையும் முடிந்த நாளையும் கூகுள் status.search.google.com பக்கத்தில் வெளியிடுகிறது.

கோர் அப்டேட் எனப்படும் இந்தப் பெரிய மாற்றங்கள் ஒரே நாளில் முடிவதில்லை. 2024 மார்ச் 5-இல் தொடங்கியது ஏப்ரல் 19 வரை, 45 நாட்கள் நீண்டது. நடுவில் தளங்கள் விழுந்து எழுந்து மறுபடி விழுவது இயல்பு. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இன்னொரு கோர் அப்டேட் தொடங்கிய நாளிலேயே, அதோடு தொடர்பில்லாத தரவரிசைக் கோளாறு ஒன்றும் புகுந்து நான்கு நாள் கழித்துச் சரியானது. அந்த நாட்களில் எடுத்த எண்ணில் எது அப்டேட், எது கோளாறு என்று பிரிக்க வழியில்லை. அதனால்தான் அப்டேட் முடிந்து ஒரு முழு வாரமாவது பொறுத்து, பிறகு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள் என்று கூகுள் அறிவுறுத்துகிறது. 2025 ஜூன் 30-இல் தொடங்கி ஜூலை 17-இல் முடிந்த அப்டேட்டுக்கு அந்தக் கணக்கு இப்படி வரும்: ஜூலை 18 முதல் 24 வரை ஒரு வாரம், ஜூன் 23 முதல் 29 வரை ஒரு வாரம். நடுவில் உள்ள பதினெட்டு நாட்களை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாம் இடத்திலிருந்து நாலுக்கு இறங்கினால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம், நாலிலிருந்து 29-க்குப் போனால் தளத்தையே ஆழமாகப் பரிசீலியுங்கள் என்பதும் கூகுள் தரும் உதாரணமே.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. வாரத்துக்கு ஐந்தாறு முறை மட்டுமே தேடப்படும் சொல்லுக்குச் சர்ச் கன்சோல் காட்டும் சராசரியை வரைபடமாகப் போடுவதில் பொருளில்லை. அப்படிப்பட்ட சொற்களை ஒரு குழுவாகச் சேர்த்துப் பார்க்கலாம். இருபதாம் இடத்துக்குக் கீழே உள்ளவை மிக அதிகமாக ஆடும். 43-இலிருந்து 58-க்குப் போனால் வியாபாரத்தில் எதுவும் மாறாது. அவற்றைத் தனித்தனியாகப் பின்தொடராமல், முதல் பத்தில் எத்தனை, இருபதுக்குள் எத்தனை என்று எண்ணி வைத்தால் போதும். இருநூறு தேடுசொற்களைக் கண்காணிக்கிறவருக்கு எந்தக் காரணமும் இல்லாமலே எப்போதாவது ஓரிரண்டு எல்லை தாண்டும். இரண்டாம் வாரமும் தாண்டுகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். உண்மையான நகர்வு ஒன்று நடந்து புதிய இடத்தில் நிலைத்துவிட்டால் பழைய நடுக்கோடு செத்துப்போய்விடும். புதிய வாரங்களைக் கொண்டு கோட்டைப் புதிதாகப் போட வேண்டும்.

இவை எதற்கும் விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஒரு தாள், அதில் வாரத்துக்கு ஒரு வரி, அந்த வரியின் ஓரத்தில் தளத்தில் அன்று செய்த மாற்றத்தைக் குறிக்க ஓர் இடம். அந்த ஓரக் குறிப்பு இல்லாத தாள் பாதிக்கு மேல் வீண். மூன்று மாதம் கழித்து 13 என்ற எண்ணைப் பார்க்கும்போது, அதற்கு முந்தைய வாரம்தான் தளம் புதிய சர்வருக்கு மாறியது என்பது யாருக்கும் நினைவில் இருக்காது.

தன் தளத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து மாதாமாதம் பணம் கட்டும் வியாபாரிகள், அடுத்த அறிக்கை வரும்போது பச்சை அம்புகளையும் சிவப்பு அம்புகளையும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு முக்கியத் தேடுசொல்லுக்கும் வழக்கமான எல்லை எது, இந்த எண் அதற்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, அதே காலத்தில் கிளிக் என்ன ஆனது என்று மட்டும் கேளுங்கள். எல்லையைச் சொல்லத் தெரியாதவர் தரும் ஏற்ற இறக்கக் கணக்குக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.